கடனோடு இறந்தவரின் சொத்தில் முதல் உரிமை யாருக்கு? மருத்துவமனைக் கட்டணமும் கருமாதிச் செலவும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒருவர் இறந்த பிறகு அவருடைய கடைசி நாட்களின் மருத்துவச் செலவையும் இறுதிச் சடங்குச் செலவையும் யார் ஏற்பது என்ற கேள்வி, சொத்து நிறைய இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் எழுவதில்லை. பங்கு பிரிக்கும்போது அது கழிந்துவிடும். சொத்தைவிடக் கடன் அதிகமாக இருக்கும் வீட்டில்தான் அந்தக் கேள்வி முழு வலுவோடு வருகிறது, ஏனென்றால் அங்கே ஒருவருக்கு முதலில் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகிறது. அப்படிப்பட்ட ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனைக்கு வந்தது முதல் கணக்கு முடிந்தது வரை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் வாடகைக் கடையில் அச்சகம் நடத்திவந்தவர் அவர். மனைவியும் தாயும் முன்பே காலமாகிவிட்டார்கள். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்த மகன் வெளிமாநிலத்தில் வேலையில் இருந்தார், மகள் அருகிலுள்ள ஊரில் வசித்தார், இளைய மகன் தந்தையுடனேயே இருந்தார். சொந்த வீடு இல்லை, பூர்வீகச் சொத்து இல்லை, உயிலும் எழுதவில்லை. எனவே இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி மூன்று பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகளாகச் சம பங்குக்கு உரியவர்கள். ஆனால் அந்தப் பங்கு, கடன் போக எஞ்சியதில்தான்.

செப்டம்பர் 25 அன்று அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதல் வாரத்திலேயே அறுவை சிகிச்சை நடந்தது. சற்றுத் தேறியவர் பின்னர் மீண்டும் மோசமடைந்து, அங்கிருந்து வெளியே வராமலேயே நவம்பர் 14 அன்று இறந்தார். சேர்க்கைப் படிவத்தில் கட்டணத்துக்குப் பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் மகள் கையெழுத்திட்டிருந்தார். மொத்தக் கட்டணம் 5,40,000 ரூபாய். அனைத்தையும் மகளே தன் சேமிப்பிலிருந்தும், கடைசித் தவணையைத் தன் வளையல்களை அடகு வைத்தும் கட்டினார். அந்தக் கடைசித் தவணையைக் கட்டினால்தான் உடலைத் தருவோம் என்று கட்டணப் பிரிவில் சொல்லப்பட்டிருக்கிறது. பாக்கி என்பது ஒரு சிவில் கடன். அதற்காக உடலை நிறுத்திவைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. அந்த இரவில் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அருகில் யாரும் இல்லை.

குளிர்பெட்டி, பந்தல், அமரர் ஊர்தி, மின்மயானம், மாலை, சடங்கு செய்தவர்களுக்கான கூலி என முதல் இரண்டு நாட்களுக்கு 48,000 ரூபாயும், பதினாறாம் நாள் காரியத்தின் சடங்குகளுக்கு 22,000 ரூபாயும் இளைய மகன் கையால் செலவாயின. இதில் 20,000 ரூபாயை, இறந்த இரவில் தந்தையின் ஏடிஎம் அட்டையைக் கொண்டு அவர் எடுத்திருந்தார். பதினாறாம் நாள் விருந்தை மூத்த மகன் ஏற்றார். மண்டபம் பிடித்து, ஏறத்தாழ ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டதில் 1,60,000 ரூபாய் ஆனது.

ஆலோசனைக்கு வந்தபோது கண்டவை

மூவரும் ஒன்றாகவே வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணக்கு இருந்தது. மகள் முழு மருத்துவமனைக் கட்டணத்தையும் முதலில் கேட்டார். மூத்தவர் விருந்துச் செலவை முழுமையாகக் கேட்டார், அதோடு வங்கியிலுள்ள நான்கு லட்சம் ரூபாய் டெபாசிட்டுக்குத் தானே நாமினி என்பதால் அது தனக்கே உரியது என்றும் சொன்னார். இளையவர் கேட்டதெல்லாம் தான் ஏடிஎம்மில் எடுத்தது குற்றமாகிவிடுமா என்பதுதான்.

இவர்களுக்கு வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். காகிதம் சப்ளை செய்த வியாபாரிக்கு 4,20,000 ரூபாய் பாக்கி. புரோநோட்டின் பேரில் கொடுத்தவருக்கு வட்டியோடு 3,00,000 ரூபாய். அச்சகத்தில் பல வருடங்களாக வேலை பார்த்த ஒரு தொழிலாளிக்கு, முதலாளி படுக்கையில் இருந்த இரண்டு மாதச் சம்பளம் 28,000 ரூபாய். காகித வியாபாரி ஒரு முறை சரக்கு வண்டியுடன் வந்து அச்சு இயந்திரத்தை ஏற்றிச் செல்ல முயன்றிருக்கிறார்.

சொத்தைப் பட்டியலிட்டோம். சேமிப்புக் கணக்கில் இறந்த நாளன்று 62,000 ரூபாய் இருந்தது. டெபாசிட் 4,00,000. கடை முன்பணம் 1,50,000. இயந்திரத்தையும் இருப்புக் காகிதத்தையும் மூன்று பேரிடம் விலை கேட்டு, கூடுதலாகக் கொடுத்தவருக்கு விற்றதில் 2,38,000. அவருடைய தங்கச் சங்கிலியும் மோதிரங்களும் வங்கியில் அடகில் இருந்தன. அவற்றின் மதிப்பு 2,60,000, வட்டியுடன் கடன் 1,90,000. இந்த நகைக் கடனுக்கு நகையே ஈடு என்பதால், சவச் செலவு உட்பட வேறெந்தச் செலவும் அந்த ஈட்டில் வங்கிக்கு முன்னால் நிற்க முடியாது. வங்கி போக மிஞ்சிய 70,000 மட்டுமே பொதுக் கணக்கில் சேரும். ஆக, பகிர்வதற்கு இருந்தது 9,20,000 ரூபாய்.

சட்டம் வைக்கும் வரிசை

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 320-ஆம் பிரிவு இதில் அடிப்படை. இறந்தவரின் நிலைக்கும் தகுதிக்கும் ஏற்ற நியாயமான அளவு இறுதிச் சடங்குச் செலவும், மருத்துவர் கட்டணமும் இறப்பதற்கு முந்தைய ஒரு மாத உணவு, தங்குமிடச் செலவும் உள்ளிட்ட மரணப் படுக்கைச் செலவும் எல்லாக் கடன்களுக்கும் முன்னதாகச் செலுத்தப்பட வேண்டும் என்கிறது அது. அதற்கடுத்து, 321-இன்படி, சொத்தை நிர்வகிக்க நீதிமன்ற அனுமதி பெறும் செலவு. பிறகு 322-இன்படி, தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோருக்கு இறப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் சேர்ந்த கூலி. அதன் பிறகுதான் மற்றக் கடன்கள். அவற்றுக்குச் சொத்து போதாவிட்டால், 323-இன்படி எல்லோருக்கும் ஒரே விகிதத்தில்.

இந்த விதிகள் உயில் நிறைவேற்றுபவரையும் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியையும் நோக்கிப் பேசுகின்றன. உயிலின்றி இறந்த இந்துவின் வாரிசுகள் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே சொத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், இவர்களில் யாரும் அந்த இரண்டில் ஒருவர் அல்லர். அப்படியிருந்தும் இந்த வரிசையையே பின்பற்றச் சொன்னேன். காரணம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் வாரிசுகள்மீது தீர்ப்பு பெற்றால், அவர்கள் தங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு. ஆனால் அந்தச் சொத்தை முறையாகச் செலவிட்டதாக நீதிமன்றத்துக்குக் காட்ட முடியாவிட்டால், அந்த அளவுக்குத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்க நேரும். முறையாகச் செலவிட்டதற்கு, சட்டமே வகுத்த வரிசையைவிட நல்ல சாட்சி கிடையாது. மேலும், வாரிசுகள் யாரும் முன்வராவிட்டால் கடன் கொடுத்தவரே நிர்வாக அனுமதி கோரி விண்ணப்பிக்கவும் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 218-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி நடந்தால் எப்படியும் இதே வரிசைதான் வரும், கூடவே வழக்குச் செலவும் சேரும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கையெழுத்திட்டவர் மருத்துவமனைக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பு, பந்தல்காரரிடம் வேலை சொன்னவர் பந்தல்காரருக்குப் பொறுப்பு. சொத்து போதவில்லை என்று அவர்களிடம் சொல்லித் தப்ப முடியாது. சொத்திலிருந்து முதலில் கிடைப்பது, அப்படிக் கட்டியவர் அதைத் திரும்பப் பெறும் உரிமை. சொத்தே இல்லாமல் ஒருவர் இறந்திருந்தால், கட்டியவர் கையில் அந்த உரிமை வெறும் காகிதமாகவே இருந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் டெபாசிட். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ளவர், அவ்வளவே. அந்தப் பணம் இறந்தவரின் சொத்தாகவே நிற்கிறது என்பதை வங்கி வைப்பு தொடர்பாக 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இதை ஏற்க மூத்தவருக்குச் சில நாட்கள் ஆயின. அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். வங்கியில் நாமினி பெயர் எழுதியபோது தந்தையே "இது உனக்குத்தான்" என்று சொன்னதாக நம்பியிருந்தார். ஆனால் அதை உயிலாக்கி இருந்தாலும்கூட, கடன்களுக்குப் பிறகுதான் உயிலின் கொடை நிற்கும் என்று சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

அடுத்து ஏடிஎம். இறந்தவரின் அட்டையைப் பயன்படுத்துவதை வங்கி ஏற்காது, அதைச் செய்யும்படி யாருக்கும் நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் இளையவர், உரிமையின்றிச் சொத்தில் கைவைத்தவர் என்ற நிலைக்கு ஆளாகவில்லை. இறந்தவரின் இறுதிச் சடங்குக்காகவோ, குடும்பத்தின் உடனடித் தேவைக்காகவோ, சொத்தைப் பாதுகாக்கவோ அதைக் கையாள்வது அந்தக் குற்றச்சாட்டுக்குள் வராது என்று அதே 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 303-ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. 20,000 ரூபாய் எடுத்ததற்கான வங்கிச் செய்தியும், மறுநாள் மயானத்தில் கட்டிய ரசீதும் அவர் கையில் இருந்தன. எனவே அவருக்குச் சேர வேண்டியதில் அதைக் கழித்துக்கொண்டோம்.

மூன்றாவதுதான் கடினமானது. மகள் கட்டிய 5,40,000 ரூபாய் முழுவதும் முன்னுரிமைக்கு உரியதா? 51 நாட்கள் ஒரே மருத்துவமனையில், ஒரே சேர்க்கை எண்ணில் இருந்ததால் இறுதிப் பட்டியலில் ஒரே தொகைதான் அச்சாகியிருந்தது. ஒரு மாதம் என்ற வரம்பு உணவுக்கும் தங்குமிடத்துக்கும் மட்டுமா, மருத்துவர் கட்டணத்துக்கும் சேர்த்தா என்பதில் சட்டத்தின் வாக்கியம் இரண்டு விதமாகவும் வாசிக்க இடம் தருகிறது. முழுவதற்கும் வரம்பு உண்டு என்ற கண்டிப்பான வாசிப்பையே நான் பரிந்துரைத்தேன். மகள் வாரிசாகவும் கடன் கொடுத்தவராகவும் இரண்டு பக்கமும் நின்றதுதான் காரணம். தனக்குச் சாதகமான வாசிப்பை அவரே எடுத்துக்கொண்டால் வெளியார் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இது அவருக்கு நட்டமாகும் ஆலோசனை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வேறொரு வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டு வரச் சொன்னேன். அவர் கேட்டு வந்த பிறகே எழுத்தில் வைத்தோம்.

பின்னர் மருத்துவமனையின் கட்டணப் பிரிவிலிருந்து நாள்வாரியான விவரப் பட்டியல் வாங்கினோம். இங்கே கவனிக்க வேண்டியது, பணம் கட்டிய தேதி வேறு, சிகிச்சை நடந்த தேதி வேறு. சேர்க்கையின்போது கட்டிய முன்பணம் அறுவை சிகிச்சையிலேயே தீர்ந்திருந்தது. அக்டோபர் 20 அன்று கட்டிய ஒரு பெரிய தொகை, அதற்கு முந்தைய வாரத் தீவிர சிகிச்சைப் பிரிவின் பாக்கி. ரசீதுகளை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால் கணக்கு தவறியிருக்கும். மருந்தகம் திருப்பி எடுத்துக்கொண்ட ஊசிகளுக்கான கழிவையும், அவை எந்த நாளில் எழுதப்பட்டவையோ அந்த நாளிலேயே கழித்தோம். மாதம் என்றால் ஆங்கில நாட்காட்டி மாதம் என்பதால் அக்டோபர் 14 எல்லையானது. அதற்குப் பிந்தைய சிகிச்சைக்கு 2,85,000 ரூபாய், அதற்கு முந்தையதற்கு 2,55,000 ரூபாய் என்று வந்தது. கடைசி மாதத்தின் 2,85,000 முதல் வரிசையில் நின்றது. மற்ற 2,55,000 போய்விடவில்லை, காகித வியாபாரியின் பாக்கியைப் போலச் சாதாரணக் கடனாகக் கீழே இறங்கியது.

இந்த இடத்தில் மூத்தவர் ஒரு மறுப்பு எழுப்பினார். பெற்றவருக்கு வைத்தியம் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதைக் கடனாக எழுதலாமா என்று கேட்டார். கேட்டதில் நியாயமான வருத்தம் இருந்தது. வயதான பெற்றோரைப் பராமரிக்கும் கடமை இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956-இன் 20-ஆம் பிரிவில் இருக்கிறது, பராமரிப்பில் மருத்துவமும் அடங்கும். ஆனால் தன் வருமானத்திலோ சொத்திலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோருக்கே அந்தக் கடமை. இவரோ நான்கு லட்சம் டெபாசிட் வைத்திருந்தவர். கடமை என்றே கொண்டாலும் அது மூன்று பிள்ளைகளுக்கும் உரியது, கட்டியவருக்கு மட்டும் அல்ல. அதைவிட நேரான சான்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலேயே இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மகள், "அண்ணா, இப்போ நான் கட்டிடறேன், அப்பா டெபாசிட்டை எடுத்ததும் சரி பண்ணிக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே மூத்தவரின் பதில், "சரிம்மா, ஆகட்டும்." இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் செய்த உதவி என்பதற்கு, ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு கேட்பதும் இப்படிப்பட்ட அறிகுறியைத்தான். அதைக் காட்டியதும் அவர் எதிர்வாதத்தைக் கைவிட்டார்.

நான்காவது விருந்து. தகனமும் காரியச் சடங்கும் இறுதிச் சடங்குச் செலவு என்பதில் யாருக்கும் ஐயமில்லை, அந்த 70,000 ரூபாயும் நியாயமான அளவுதான். ஆனால் ஐந்நூறு பேர் விருந்து, கடனோடு இறந்த ஒருவரின் நிலைக்கு ஏற்றதா? அந்தச் செலவைச் சுமப்பது கடன் கொடுத்தவர்கள் என்பதை மனத்தில் வைத்தே அளவைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மூத்தவருக்கு ஊரில் இருந்த மரியாதைக் கவலை புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அந்த மரியாதைக்கு விலை கொடுக்க வேண்டியவர் காகித வியாபாரி அல்லர். நெருங்கிய உறவினர்க்கும் சடங்கில் பங்கேற்றவர்க்கும் சாப்பாடு என்ற அளவில் 30,000 ரூபாயை எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டன. மீதி 1,30,000 ரூபாய் மூத்தவரின் சொந்தச் செலவானது.

பின்னர் நடந்தது

முதல் வரிசையில் இறுதிச் சடங்குக்கு 1,00,000, கடைசி மாத மருத்துவத்துக்கு 2,85,000. அடுத்து தொழிலாளியின் சம்பளம் 28,000, அது மூன்று மாதத்துக்குள் அடங்கியதால் முழுமையாக. மிஞ்சியது 5,07,000 ரூபாய். சாதாரணக் கடன் மூன்றும் சேர்ந்து 9,75,000. எனவே ரூபாய்க்கு 52 காசு கிடைத்தது. காகித வியாபாரிக்கு 2,18,400, புரோநோட்டுக்காரருக்கு 1,56,000, மகளின் முற்கால மருத்துவச் செலவுக்கு 1,32,600. வாரிசுகளுக்குப் பங்கு என்று எதுவும் மிஞ்சவில்லை.

காகித வியாபாரி தொடக்கத்தில் ஒப்பவில்லை. மகளின் பணம் முதலில் போவது அவருக்குக் குடும்பத்துக்குள் நடக்கும் ஏற்பாடாகவே பட்டது. அவருக்கு இரண்டு கணக்கையும் எதிரெதிரே எழுதிக் காட்டினோம். மருத்துவமனைக் கட்டணம் முழுவதும் முன்னுரிமை பெற்றிருந்தால் எஞ்சியது 2,52,000 மட்டுமே, அவருக்கு ரூபாய்க்கு 35 காசு, அதாவது 1,47,000. மகள் கண்டிப்பான வாசிப்பை ஏற்றதால் அவருக்கு 71,400 ரூபாய் கூடுகிறது. நாள்வாரிப் பட்டியலை அவர் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து சரிபார்த்தார். அக்டோபர் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களின் வரிகளை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் கையெழுத்திடச் சம்மதித்தார்.

வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, வங்கிப் பணம் வந்த பிறகு, மூன்று வாரிசுகளும் கடன் கொடுத்த இருவரும் தொழிலாளியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி எல்லாம் வங்கி வழியாகவே கொடுக்கப்பட்டன. இளையவர் ஏடிஎம் தொகை போக 50,000 ரூபாய் பெற்றார். இரண்டு கடன்காரர்களும் முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தார்கள், புரோநோட்டு ரத்தாகித் திரும்பி வந்தது. மகள் 5,40,000 கட்டி, 4,17,600 பெற்றார். மீதி 1,22,400 ரூபாயை மூன்றாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று இளையவர் தாமாக முன்வந்தார், மூத்தவரும் தன் பங்கைக் கொடுத்தார். அது சட்டம் கேட்டதல்ல.

இனி மாற்றிச் செய்யக்கூடியவை

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் நாளிலேயே நாள்வாரிப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த வழக்கில் அதை வாங்குவதற்கே பல வாரங்கள் போயின, அதுவரை யாரிடமும் தொகை பேச முடியவில்லை. நோயாளி நினைவோடு இருக்கும்போதே அவர் டெபாசிட்டை முறித்து அவர் கணக்கிலிருந்தே கட்டணத்தைச் செலுத்தியிருந்தால், மகள் கடன் கொடுத்தவராகவே ஆகியிருக்க மாட்டார். அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் அவர் கையெழுத்திடும் நிலையில் இருந்தார், ஆனால் அதைக் கேட்பது அவர் மனத்தை உடைக்கும் என்று பிள்ளைகள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மகளுக்குச் சொத்திலிருந்து வராமல் போன 1,22,400 ரூபாய் முழுவதும் அக்டோபர் 14-க்கு முந்தைய கட்டணத்தில் விழுந்தது.

பதினாறாம் நாளுக்கு முன்பே கடன்களை ஒரு தாளில் எழுதியிருந்தால் விருந்தின் அளவும் வேறாக இருந்திருக்கும். இப்போது இத்தகைய குடும்பங்கள் முதல் வாரத்தில் வந்தால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளை எழுதச் சொல்கிறேன். காகிதக்காரர், புரோநோட்டு, கூலி, நகைக் கடன் என்று நான்கு வரி எழுதுவதற்கு அரை மணி நேரம் போதும். அந்தத் தாளில் கூலி வரியைத் தனியாகக் காட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இந்த வழக்கின் தொழிலாளி கடைசிவரை கேட்கவே கூச்சப்பட்டார். அவருடைய 28,000 ரூபாய் பட்டியலில் சேர்ந்தது, இளைய மகன் பழைய சம்பளக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்ததால்தான்.